கன்னத்துச் சிவப்பு போகணும், தோல் அப்படியே இருக்கணும்: நிறத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்த அனுபவம்

கல்யாண ஆல்பத்துக்கு ரீடச் செய்வது என் அன்றாடப் பிழைப்பு. மணப்பெண்ணின் குளோசப் படங்களில் பருவை விடவும் அதிகமாகத் தொல்லை கொடுப்பது திட்டுத் திட்டான நிறம்தான். முந்தின நாள் திரெடிங் செய்த மேலுதடும் புருவத்தடியும் சிவந்திருக்கும். நலங்கில் பூசிய மஞ்சள், எவ்வளவு கழுவினாலும் தாடை ஓரத்திலும் காது முன்னாலும் தங்கியிருக்கும். கழுத்து வேறு நிறம், முகம் வேறு நிறம். அம்மாக்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, கன்னத்துல சிவப்பா தெரியுது, அத மட்டும் எடுத்துடுங்க. மூஞ்சிய மெழுகு பொம்மையாக்கிடாதீங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான் இந்த முறைக்கு வந்தேன். வெகு காலமாக இதையே பயன்படுத்துகிறேன். நல்லதும் கெட்டதும் இரண்டையும் சொல்கிறேன்.

ஸ்கின் ஸ்மூத் பிளக்இன் எதுவானாலும் அது செய்வது ஒன்றுதான்: பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்துவிடும். நிறத் திட்டு கலைகிறது, கூடவே மயிர்த்துளையும் கலைகிறது. ஃபிரீக்வென்சி செபரேஷன் இதைவிட மேல். நுண்ணிய தோல் அமைப்பு தனி லேயரில் பத்திரமாக இருக்கும். ஆனால் கீழ் லேயரில் நிறமும் வெளிச்சமும் சேர்ந்தே கிடக்கின்றன. அங்கே பிளர் செய்தால் சிவப்போடு சேர்த்துக் கன்ன எலும்பின் மேல் விழுந்த வெளிச்சமும், மூக்கோர நிழலும் தட்டையாகின்றன. துளைகள் தெரியும், முகத்தின் வடிவம் போயிருக்கும். அப்படிப்பட்ட முகங்களைப் பல ஆல்பங்களில் பார்த்திருப்பீர்கள்.

பிரிக்க வேண்டியது சின்ன விவரத்தையும் பெரிய விவரத்தையும் அல்ல, வெளிச்சத்தையும் நிறத்தையும். தோலின் துளை, ரோமம், சுருக்கம் எல்லாம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய முழுக்க வெளிச்ச வேறுபாட்டால்தான். நிறத்தில் நுணுக்கத்தைப் பார்க்க நம் கண்ணுக்கு அவ்வளவு கூர்மை இல்லை. பெரும்பாலான ஜேபெக் கோப்புகள் நிறத் தகவலைப் பாதித் தெளிவில் சேமித்தும் நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான். எனவே நிறத்தை மட்டும் எவ்வளவு மங்கலாக்கினாலும் தோல் தோலாகவே இருக்கும்.

போட்டோஷாப்பில் இதற்கு நேரான வழி லேப் மோடு. அதில் `L` சேனல் வெளிச்சம் மட்டும். `a` சேனலில் ஒரு முனை பச்சை, மறுமுனை மெஜந்தா. எண் கூடக் கூடச் சிவப்புப் பக்கம் போகும். `b` சேனலில் ஒரு முனை நீலம், மறுமுனை மஞ்சள். திரெடிங் சிவப்பு `a`-வில் உட்கார்ந்திருக்கும், நலங்கு மஞ்சள் `b`-யில்.

வேலையைத் தொடங்குமுன் நான் போடும் ஒரு லேயர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே 50% சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு லேயர், அதன் பிளெண்டிங் மோடு `Luminosity`. உடனே படத்தில் வெளிச்ச வேறுபாடெல்லாம் மறைந்து நிறம் மட்டும் வரைபடம் மாதிரி தெரியும். அதற்கு மேல் ஒரு `Hue/Saturation` போட்டுச் சாச்சுரேஷனை 40 ஏற்றினால், சாதாரணமாகப் பார்த்தபோது "ஏதோ சரியில்லை" என்று மட்டும் தோன்றிய இடங்கள் ஓரம் கட்டித் தெரியும். அதே சாம்பல் லேயரை `Color` மோடுக்கு மாற்றினால் எதிர்மாறு: நிறம் போய் வெளிச்சம் மட்டும். திருத்தம் முடிந்தபின் இந்தக் கறுப்பு வெள்ளைப் பார்வையில் திருத்திய லேயரை அணைத்து ஏற்றிப் பார்ப்பேன். எதுவும் அசையக் கூடாது. அசைந்தால் எங்கோ வெளிச்சத்தைத் தொட்டிருக்கிறோம்.

சமீபத்தில் செய்த ஒரு மணப்பெண் படத்தை எடுத்துக்கொள்வோம். 24 மெகாபிக்சல், முகம் பிரேமில் பாதிக்கு மேல். `Info` பேனலை லேப் எண்கள் காட்டுமாறு வைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். நெற்றியில் `L` 58, `a` 14, `b` 24. கன்னத்தில் 54, 24, 20. தாடை ஓரத்தில் 57, 10, 36. நெற்றியைத்தான் சரியான நிறமாக எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அந்தப் பெண்ணின் முழங்கையும் கிட்டத்தட்ட அதே எண்களைத் தந்தது. மேக்கப் போகாத இடத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. சிவந்த நிறமாகக் காட்டச் சொல்லி ஃபவுண்டேஷன் அப்பியிருந்தால் நெற்றியும் பொய் சொல்லும்.

படத்தை ஒரே லேயராக்கி நகலெடுத்து, 16 பிட்டில் தனிக் கோப்பாகத் திறந்து லேப் மோடுக்கு மாற்றினேன். சேனல்ஸ் பேனலில் `a`-வை மட்டும் தேர்ந்தெடுத்து, முழுப் படமும் தெரியும்படி மேலே உள்ள கண் குறியைத் திறந்து வைத்துக்கொண்டேன். இங்கே `Gaussian Blur` போடத்தான் கை போகும். கன்னத்தின் நடுவில் அது நன்றாகவே வேலை செய்யும். உதட்டருகே வந்தால்தான் பிரச்சினை. லிப்ஸ்டிக்கின் `a` 40-ஐத் தாண்டும். 20 பிக்சல் பிளர் அந்தச் சிவப்பை இழுத்துச் சுற்றியுள்ள தோலில் பூசிவிடும். குங்குமப் பொட்டைச் சுற்றி ஒரு ரோஜா வளையம், பச்சைப் புடவைக் கரையையொட்டிக் கழுத்தில் ஒரு பச்சைச் சாயல். மாஸ்க் போட்டு உதட்டை மறைத்தாலும் இது போகாது, ஏனென்றால் கறை உதட்டில் இல்லை, பக்கத்துத் தோலில் இருக்கிறது.

அதனால் `Surface Blur`. இது எண்ணில் அதிகம் விலகிய பிக்சல்களைச் சேர்த்துக்கொள்ளாது. கன்னத் திட்டுக்கும் நல்ல தோலுக்கும் `a`-வில் வித்தியாசம் 10தான், உதட்டுக்கும் தோலுக்கும் 25க்கு மேல். இடையில் நமக்கு இடம் இருக்கிறது. ரேடியஸ் 25 வைத்து, திரெஷோல்டை 4-இலிருந்து ஏற்றிக்கொண்டே போனேன். உதட்டோரம் கரையத் தொடங்கிய இடத்திலிருந்து இரண்டு படி கீழே இறக்கினேன், 7-இல் நின்றது. `b`-க்கும் இதே மாதிரி. பிறகு மறுபடி ஆர்ஜிபி, `Shift` அழுத்திக்கொண்டு மூலப் படத்தின் மேல் இழுத்துப் போட்டால் பிக்சல் பிசகாமல் உட்காரும். மோடு `Color`, மாஸ்க் கறுப்பு, மென்மையான பிரஷில் தேவையான இடத்தில் மட்டும் வெள்ளை. `Normal` மோடிலேயே விடலாம்தான். ஆனால் `Color` என்றால் பின்னால் கீழ் லேயரில் பருவை ஹீல் செய்தால் அது மேலே தெரியும். வாடிக்கையாளர் மூன்றாம் முறை திருத்தம் கேட்கும்போது இதன் அருமை புரியும்.

பிளர் சுற்றுவட்டாரத்தைச் சராசரியாக்குமே தவிர, கன்னம் முழுக்கச் சிவந்திருந்தால் சராசரியும் சிவப்பாகத்தான் வரும். இந்தப் படத்தில் 24 என்பது 21-க்குத்தான் இறங்கியது. மிச்சத்துக்கு `Color` மோடில் ஒரு வெற்று லேயர், நெற்றியில் எடுத்த நிறம், பிரஷ் ஃபுளோ 5%, கையால் மெல்ல மெல்ல. 17 வந்ததும் நிறுத்திவிட்டேன். நெற்றியின் 14-க்கே இழுக்கக் கூடாது. ரத்தம் ஓடும் முகத்தில் கன்னமும் மூக்கு நுனியும் காதும் நெற்றியைவிடக் கொஞ்சம் சிவந்துதான் இருக்கும். எல்லாம் ஒரே எண்ணானால் துளைகள் அத்தனையும் இருந்தும் முகம் பூசிய சுவர் போல ஆகிவிடும்.

தாடை மஞ்சளுக்கும் அதே லேயர்தான். ஆனால் நெற்றியின் பளபளப்பில் இந்த நிறம் ஏறாமல் பார்க்க வேண்டும். எண்ணெய் மினுக்கத்தில் தெரிவது தோலின் நிறம் அல்ல, லைட்டின் நிறம். அங்கே தோல் நிறம் ஏறினால் மினுக்கம் அழுக்கு மஞ்சளாகிவிடும். லேயர் ஸ்டைலில் `Blend If` பகுதிக்குப் போய், `Underlying Layer` வெள்ளைக் குமிழை `Alt` அழுத்திப் பிளந்து 190-க்கும் 235-க்கும் இடையில் வைத்தால் மினுக்கம் தானாகத் தப்பித்துக்கொள்ளும்.

இந்த முறையின் உண்மையான குறை இனிமேல்தான். சிவப்பு போனபின் கன்னத்தில் ஒரு மங்கலான சேற்று நிறம் எஞ்சியது. `L` எண்ணைப் பாருங்கள்: நெற்றியில் 58, கன்னத்தில் 54. ரத்தத்தின் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். வெளிச்சக் கணக்கில் பெரும்பங்கு பச்சைக்குத்தான். அதனால் சிவந்த தோல் எப்போதும் கொஞ்சம் இருண்டும் இருக்கும். நிறத்தை எடுத்ததும் அந்த இருட்டு தனியாக அம்பலமாகிறது. இதற்கு ஒரு `Curves` லேயர், மோடு `Luminosity`, நடுப்பகுதியைச் சற்றே தூக்கி, திட்டின் மேல் மட்டும் மென்மையான மாஸ்க். கர்வ் அங்குள்ள பிக்சல்களைக் கலப்பதில்லை, சேர்த்துத் தூக்குகிறது. ஆகவே துளைகள் அப்படியே மேலே வரும். `L` 56 ஆனதும் போதும் என்று விட்டேன்.

நம் ஊர் மாநிறத்திலும் கறுப்பிலும் இந்தக் கட்டம் இன்னும் முக்கியம். தோல் கருக்கக் கருக்க, திட்டு என்பது நிறத்தைவிட வெளிச்சத்தில்தான் அதிகம் இருக்கும். மங்கு விழுந்த கன்னத்தில் `a`, `b` இரண்டையும் எவ்வளவு சமன் செய்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. அது மெலனின், அதாவது பெரும்பாலும் இருட்டு. அங்கே நேரே டாட்ஜ் அண்ட் பர்னுக்குப் போவதே மேல். எந்த வழி என்பதை முதலில் போட்ட அந்தச் சாம்பல் லேயரே சொல்லிவிடும்: நிறப் பார்வையில் திட்டு தெரியவில்லை, கறுப்பு வெள்ளையில் தெரிகிறது என்றால் லேப் மோடைத் திறக்கவே வேண்டாம்.

இன்னொன்று, மேடையில் ஒரு பக்கம் வீடியோக்காரரின் லைட், மறுபக்கம் கலர் எல்ஈடி என்றால் அது தோலின் திட்டே அல்ல. அரை முகம் முழுக்க ஒரே சாயல், பக்கத்துப் பூமாலையிலும் அதே சாயல் தெரியும். அதை ராவிலேயே மாஸ்க் போட்டு ஒயிட் பேலன்சில் சரிசெய்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.

கிம்ப் வைத்திருப்பவர்களுக்கு, 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து `LCh Color` என்ற லேயர் மோடு இருக்கிறது. பிளர் செய்த நகலுக்கு அதைக் கொடுத்தால் மோடு மாற்றும் அலைச்சல் இல்லாமல் ஏறத்தாழ இதே பலன். கேப்சர் ஒன்னில் கலர் எடிட்டரின் `Skin Tone` பகுதியில் `Uniformity` ஸ்லைடர்கள் இருக்கின்றன. அவை பக்கத்துப் பிக்சலைப் பார்ப்பதில்லை, தேர்ந்தெடுத்த நிறத்தை நோக்கி மற்றவற்றை இழுக்கின்றன. அதனால் உதட்டுக் கறை வராது. ஆனால் ஏற்றினால் எல்லா முகமும் ஒரே நிறத்துக்குப் போகும். அப்பா மாநிறம், மகள் சிவப்பு என்று பக்கத்தில் நிற்கும் குடும்பப் படத்தில் மாஸ்க் இல்லாமல் அதைத் தொடவே மாட்டேன். மொத்த ஆல்பத்துக்கும் `Hue`-வை மட்டும் 25, 30 அளவில் ஏற்றிவிட்டு, பெரிதாக அச்சாகும் சில குளோசப்களுக்கு மட்டும் மேலே சொன்ன லேப் வேலை. கூட்டப் படத்தில் முகம் நகத்தளவு அச்சாகும்போது இந்தப் பாடு வீண்.