மாட்டுத்தாவணி டூ ஜங்ஷன்: ஆட்டோ பேரத்துல யாரு மொதல்ல ரேட் சொல்றது?

மதுரையில ஆட்டோக்காரர்ட்ட போயி "மீட்டர் போடுங்கண்ணே"ன்னு சொன்னா அவரு கோவப்படவெல்லாம் மாட்டாரு, சிரிப்பாரு, அம்புட்டுதான். பேசித்தான் ஏறணும். எப்பிடிப் பேசுறதுங்கிறதுக்கு ஆளாளுக்கு ஒரு ஸ்டைல் வச்சிருக்காங்க, அதுல மூணை எடுத்து ஒரே சவாரிக்குப் போட்டுப் பாத்துருவோம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இருந்து ரயில்வே ஜங்ஷன், சுமாரா 7 கிலோமீட்டர், காலையில பத்து மணி, 2 பேரு, ஒரு பேக்.

பேச்சுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு. லிட்டருக்கு 25 கிலோமீட்டர் குடுக்குற வண்டின்னு வச்சுக்கோங்க, பெட்ரோல் 100 ரூவா, போக 28 ரூவா ஆச்சு, திரும்பி காலியா வந்தா இன்னொரு 28. அதுபோக ஸ்டாண்டுல மொற வச்சு முக்கா மணி நேரம் காத்துக் கெடந்த மொறையை நமக்காக விடுறாரு. அதனால 120க்குக் கீழ போனா அவருக்கு சும்மா நின்னு அடுத்த ஆளைப் பிடிக்கிறதே மேல். நம்ம பக்கம், போன் ஆப்ல அதே தூரத்துக்கு 170 காட்டுதுன்னா அதுக்கு மேல குடுக்க நமக்கு என்ன தலையெழுத்து. ஆக 120லருந்து 170க்குள்ள எங்க முடிஞ்சாலும் ரெண்டு பேருக்குமே நஷ்டம் இல்ல, பேரம்னு நடக்குறதே இந்த 50 ரூவாய்க்குத்தான்.

முதல் ஸ்டைல், "எவ்வளவுண்ணே?"ன்னு கேட்டு அவரு சொன்னதுல பாதி கேக்குறது. நம்மாளுங்க முக்கால்வாசிப் பேரு இதுதான். 300ன்னாரு, 150ன்னோம், படிஞ்சுது, நல்ல ரேட்டுதான். ஆனா நீங்க பாதி கேப்பீங்கன்னு அவருக்கும் தெரியும்ல, பேக்கைத் தூக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் முழிச்சுக்கிட்டு நின்னா 400ன்னு ஆரம்பிப்பாரு, பாதியா அடிச்சு 200க்கு ஏறிட்டு ஜெயிச்சிட்டோம்னு நெனைச்சுக்கிட்டுப் போவோம், ஆப்பை விட 30 ரூவா கூட.

ரெண்டாவது, நாமளே மொதல்ல சொல்றது. "ஜங்ஷன், 2 பேரு, ஒரு பேக், 120 வருமாண்ணே?" அவரு "கட்டாதுண்ணே, காலியா திரும்பணும், 180 குடுங்க"ம்பாரு, 150ல முடியும். பேச்சு 300ல ஆரம்பிக்காம நம்ம நம்பர்ல ஆரம்பிக்குது, அதுதான் இதுல லாபம். என் ஓட்டு இதுக்குத்தான், ஆனா தூரம் தெரிஞ்ச எடத்துக்கு மட்டும். ஒருதடவ கே.கே.நகர் எவ்வளவு தூரம்னு தெரியாம 150ன்னு சொல்லிட்டேன், நான் சொல்லி வாய மூடல, "ஏறுங்கண்ணே"ன்னு கிக்கர அடிச்சிட்டாரு. அம்புட்டு வேகமா ஒத்துக்கிட்டா அப்பவே புரிஞ்சுக்கலாம், கூட சொல்லிட்டோம்னு. ஊர் புதுசா, அப்ப மொத ஸ்டைலே தேவலை.

மூணாவது, ஆப் ரேட்டைக் காட்டுறது. ஸ்டாண்டுக்குள்ள இது ஓடாது, மத்த டிரைவருங்க பாத்துக்கிட்டு நிக்கையில ஒருத்தர் எறங்குனா நாளைக்கு எல்லாருக்கும் அதே ரேட்டு, அதனால "அப்ப அதுலயே போங்க"ன்னு மொகத்தத் திருப்பிக்குவாரு. நெசமாவே அதுல போக ரெடின்னா மட்டும் போனை எடுங்க.

பேச்ச விட நிக்கிற எடம்தான் ரேட்டை மாத்துது. ஸ்டாண்டை விட்டு மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தா, யாரையோ எறக்கிவிட்டுட்டு ஊருக்குள்ள காலியா திரும்புற வண்டி வரும், அவருக்கு நீங்க இல்லேன்னா வெறும் பெட்ரோல் செலவுதான், அந்த 120க்கு மொகம் சுளிக்காம வருவாரு. லேடீஸ்க்கு இன்னும் ஒரு வழி இருக்கு, 2021லருந்து சாதாரண டவுன் பஸ்ல டிக்கெட்டுக்குக் காசே இல்ல, பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறங்குனா ஜங்ஷன் நடக்குற தூரம்தான், அதனால என் தங்கச்சி பேரம் பேசுறப்ப ஒரு கால் பஸ்ஸைப் பாத்தே நிக்கும், அவளுக்கு எப்பவும் என்னை விட 20 ரூவா கம்மி.

ராத்திரி ரெண்டு மணிக்கு இந்தக் கணக்கு செல்லாது. பஸ் கொறைச்சல், ரோட்டுல காலி வண்டியும் இல்ல. 2013ல சென்னைக்கு அரசு போட்ட மீட்டர் ரேட்டுலயே ராத்திரி 11லருந்து காலை 5 வரைக்கும் ஒண்ணரை மடங்குன்னு இருந்துச்சு, நானும் அதையே வச்சுக்குறேன், 150க்கு 225, அதத் தாண்டுனா டீக்கடையில ஒக்காந்துருவேன்.

எந்த ஸ்டைலா இருந்தாலும் "பாத்துக் குடுங்கண்ணே"ன்னா மட்டும் ஏறாதீங்க, எறங்குற எடத்துல பேக் வண்டிக்குள்ள இருக்கும், ட்ரெய்னுக்கு பத்து நிமிஷம் இருக்கும், அப்ப பேரம் பேச நமக்கு எங்க தெம்பு. ஜங்ஷன்ல எந்த வாசல்னும் ஏறும்போதே சொல்லிருங்க, மேற்கு வாசல்னா சுத்திப் போகணும், பாதி வழியில சொன்னீங்கன்னா "அதுக்கு 40 ஆகும்ணே"ன்னு திரும்பவும் மொதல்லருந்து ஆரம்பிப்பாரு.