பாதியில் போனவர் ஏன் போனார்: படத் தெளிவு, பஃபரிங் விகிதம், நிகழ்வு வரிசை - மூன்று பதிவுகளின் அலசல்

காபிச் செடியைத் தாக்கும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானைப் பற்றி, ஏற்காட்டுத் தோட்டக்காரர்களுக்காக ஒன்பது நிமிட வீடியோ ஒன்றைத் தயாரித்து எங்கள் சொந்த வலைத்தளத்தில் ஏற்றியிருந்தோம். பலர் முதல் நிமிடத்தைத் தாண்டவே இல்லை. நாகலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "மலையில் சிக்னல் எங்கே தம்பி நிற்கிறது? வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?" என்றார். சேலத்தில் இருக்கும் எங்கள் குழுவிலும் அதையே நம்பினார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் உண்மைதானா என்று பார்க்க மூன்று வழிகள் இருந்தன. அவற்றில் இரண்டு எங்களைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போயிருக்கும்.

முதல் வழி, ஒவ்வொருவருக்கும் கிடைத்த சராசரிப் படத் தெளிவை எடுத்து, சீக்கிரம் போனவர்களையும் கடைசிவரை இருந்தவர்களையும் ஒப்பிடுவது. செய்வதற்கு மிக எளிது. போனவர்களின் சராசரி குறைவாகவே வரும். "பார்த்தீர்களா, இணைப்பு மோசம்" என்று சொல்லிவிடலாம். கோளாறும் அங்கேதான். வீடியோ ஆறு ஆறு வினாடித் துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பிளேயர் எல்லாருக்கும் முதல் துண்டைக் குறைந்த தெளிவில்தான் தருகிறது. இணைப்பின் வேகத்தை அளந்து பார்த்த பிறகுதான் மேலே ஏறுகிறது. அதனால் நல்ல வைஃபையில் இருப்பவர் எட்டாவது வினாடியில் சலித்துப் போனால், ஆறு வினாடி 240p, இரண்டு வினாடி 720p பார்த்திருப்பார். அவருடைய சராசரி 360. மலையில் திணறும் ஒருவருடைய சராசரியும் ஏறக்குறைய அதே எண்ணாக வரும். சீக்கிரம் போனதால்தான் அவருடைய சராசரி குறைந்தது. சராசரி குறைந்ததால் அவர் போகவில்லை. காரணமும் விளைவும் இடம் மாறி நிற்பதை அந்த எண் காட்டிக்கொடுக்காது.

படத் தெளிவு குறைய இணைப்போடு தொடர்பில்லாத காரணங்களும் உண்டு. டேட்டா மிச்சம் பிடிக்கத் தாமாகவே 240p வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பிளேயரை அதற்கேற்ப அமைத்திருந்தால், போனை நிமிர்த்திப் பிடித்துச் சிறிய சட்டத்தில் பார்ப்பவருக்கு, வேகம் இருந்தாலும் பெரிய படம் அனுப்பப்படுவதில்லை.

இரண்டாவது வழி பஃபரிங் விகிதம். படம் நின்ற நேரத்தை, ஓடிய நேரமும் நின்ற நேரமும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பது. துறையில் பரவலாகப் புழங்கும் அளவு இது. நானும் முதலில் இதைத்தான் நம்பினேன். ஒருவருடைய பதிவை அருகில் வைத்துப் படித்தபோதுதான் நம்பிக்கை ஆட்டம் கண்டது. அந்த மாதிரியான பதிவு இப்படி இருக்கும். இடப்பக்கம் இருப்பது பிளே பொத்தானை அழுத்தியதிலிருந்து கடந்த வினாடிகள்:

```
0.0    play
4.2    playing    240
10.3   level      360
41.8   waiting
50.1   pagehide
```

இவர் படம் தொடங்கவே 4.2 வினாடி காத்திருந்தார். பிறகு 37.6 வினாடி ஓடியது. 41.8இல் நின்றது. 8.3 வினாடி வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தை மூடிவிட்டார். பஃபரிங்கால் போனவருக்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. ஆனால் எங்கள் பழைய நிரல் `waiting` வந்ததும் கடிகாரத்தை ஓடவிட்டு, அடுத்த `playing` வந்த பிறகே அந்த நேரத்தைக் கணக்கில் சேர்த்தது. இவருக்கு இரண்டாவது `playing` வரவே இல்லை. எனவே கணக்குப்படி இவருடைய பஃபரிங் விகிதம் பூஜ்யம்! வட்டம் சுற்றும்போதே போனவர்கள் அத்தனை பேரும், எதைத் தேடுகிறோமோ அதே ஆட்கள், 'பஃபரிங் இல்லாதவர்' பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கண்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது.

அதைத் திருத்தினால் 8.3ஐ 45.9ஆல் வகுக்க வேண்டும். விகிதம் 18 சதவீதம். சரிதான். ஆனால் இப்போது வேறொரு கோணல். இதே 8.3 வினாடி நின்றும் பொறுத்திருந்து ஒன்பது நிமிடமும் பார்த்தவருக்கு விகிதம் ஒன்றரை சதவீதம்தான். இருவரும் பட்ட தொல்லை ஒன்றே; போனவருக்கு வகுக்கும் எண் சிறிது, இருந்தவருக்குப் பெரிது. சீக்கிரம் போனவர்களிடம் விகிதம் அதிகம் என்ற முடிவில் பாதி, வகுத்தல் கணக்கே உண்டாக்கியது.

மூன்றாவது வழி, சராசரிகளை விட்டுவிட்டு நிகழ்வுகளின் வரிசையைப் படிப்பது. ஒவ்வொரு தடங்கலுக்கும் ஒரு ஜோடி தேட வேண்டும். மேலே சொன்னவருக்கு வீடியோவின் 37ஆம் வினாடியில் படம் நின்றது. அதே வீடியோவில், அதே வகை இணைப்பில், அதே 37ஆம் வினாடியைத் தடங்கலின்றிக் கடந்த வேறொருவரை எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கணத்திலிருந்து கடிகாரப்படி அடுத்த 20 வினாடிக்குள் யார் போனார் என்று இருவரையும் பார்க்கிறோம். கேள்வி அவ்வளவுதான். இருவரும் ஒரே காட்சியில் இருப்பதால் வீடியோவின் சலிப்பு இருவருக்கும் பொது. முன்பு எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதும் சமம். வகுக்கும் எண் என்று ஒன்று இல்லவே இல்லை.

40 ஜோடிகள் கிடைத்தன என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 23 ஜோடிகளில் இருவரும் இருந்தார்கள், 3 ஜோடிகளில் இருவரும் போனார்கள். இந்த 26 ஜோடிகளும் நமக்கு எதையும் சொல்வதில்லை. மீதி 14இல், தடங்கல் கண்டவர் மட்டும் போனது 11, தடங்கல் காணாதவர் மட்டும் போனது 3. தடங்கலுக்கு எந்தப் பங்கும் இல்லை என்றால் இந்த 14ம் நாணயம் சுண்டியது போலப் பாதிப் பாதியாகப் பிரிய வேண்டும். 14 முறை சுண்டி 11 அல்லது அதற்கு மேல் தலை விழும் வாய்ப்பு 100இல் 3க்கும் சற்றுக் குறைவு. எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு இதைவிட நேர்மையான கணக்கு எனக்குத் தெரியாது. 14க்குப் பதில் 5 ஜோடிதான் மிஞ்சியிருந்தால், ஐந்தும் ஒரே பக்கம் விழுந்தாலும் அந்த வாய்ப்பு 100இல் 3. நான்கு விழுந்தால் எதுவும் சொல்ல முடியாது.

இப்படி ஜோடி சேர்ப்பது புதிதல்ல. ஷண்முக கிருஷ்ணனும் ரமேஷ் சீதாராமனும் 2012இல், இணையத்தில் வீடியோக்களைக் கொண்டுசேர்க்கும் ஆகமாய் என்ற நிறுவனத்தின் 2.3 கோடி வீடியோ பார்வைகளை எடுத்து, ஒத்த பார்வையாளர்களை ஜோடி சேர்த்தே அலசினார்கள். படம் தொடங்க 2 வினாடிக்கு மேல் ஆனால் ஆட்கள் விலகத் தொடங்குகிறார்கள் என்றும், அதன் பிறகு ஒவ்வொரு வினாடி தாமதத்துக்கும் விலகல் 5.8 சதவீதம் கூடுகிறது என்றும் கண்டார்கள். அதே ஆய்வில் எனக்கு மிகவும் உதவிய முடிவு வேறொன்று: வேகமான இணைப்பு உள்ளவர்களே பொறுமை குறைந்தவர்கள். மெதுவான இணைப்புக்குப் பழகியவர் கூடுதலாகக் காத்திருக்கிறார். ஆகவே சேலம் ஐந்து ரோட்டில் பார்ப்பவரையும் ஏற்காட்டில் பார்ப்பவரையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டால், மலைக்காரரின் பொறுமை தடங்கலின் பாதிப்பை மறைத்துவிடும். ஜோடியை ஒரே வகை இணைப்புக்குள் தேட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

அந்த 'வகை'யை அறிவதிலும் கவனம் வேண்டும். குரோமில் `navigator.connection.effectiveType` என்று கேட்டால் `3g`, `4g` என்று பதில் வரும். ஐபோனின் சஃபாரி இதைத் தருவதில்லை. ஐபி முகவரியை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மொபைல் நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைப்பதால் ஏற்காட்டு போன், சென்னையில் இருப்பதுபோல் காட்டலாம். வலைத்தளத்தில் பெயர் பதியும்போதே ஊரைக் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் நாங்கள் கண்ட வழி.

இந்த மூன்றாவது வழியிலும் ஓட்டைகள் உண்டு. பார்ப்பவர் விரலால் முன்னே தள்ளினாலும் `waiting` வரும். அதற்குச் சற்று முன் `seeking` இருந்தால் அதைத் தடங்கல் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெரிய ஓட்டை வேறு: சிக்னல் அடியோடு அறுந்தவருடைய போனிலிருந்து கடைசிப் பதிவு நம்மை வந்து சேராமலே போகலாம். மிக மோசமான இணைப்பே நம் கணக்கில் மிகக் குறைவாகத் தெரியும். இதற்குத் துணையாக சர்வர் பதிவைப் படிக்கலாம். ஆறு வினாடித் துண்டுகளை ஒருவர் கேட்டு வந்த நேரங்களை வரிசையாக வைத்து, ஒரு துண்டு போய்ச் சேர 15 வினாடி ஆகி அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை என்றால், அவர் எப்படிப் போனார் என்று ஊகிக்க முடியும். ஊகம்தான், அவர் கையில் எவ்வளவு படம் சேமிப்பில் இருந்தது என்பது சர்வருக்குத் தெரியாது.

அப்படியானால் படத் தெளிவுப் பதிவைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். சராசரியாக்காமல், எந்தக் காட்சியில் எந்தத் தெளிவு என்று பார்த்தால் அது நல்ல சாட்சி. எங்கள் வீடியோவிலேயே அந்தச் சாட்சி கிடைத்தது. 40ஆம் வினாடி வாக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்களை ஜோடி சேர்த்தபோது, தடங்கல் கண்டவரும் காணாதவரும் ஏறக்குறைய ஒரே அளவில் போயிருந்தார்கள். அங்கே ஓடிக்கொண்டிருந்தது வரவேற்புரை. சிக்னலைக் குறை சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் மருந்தின் அளவைக் காட்டும் அட்டவணை வருகிறது, பொடி எழுத்தில். அந்த இடத்தில் தடங்கலே இல்லாமல், 240pஇல் பார்த்தவர்கள் மட்டும் கொத்தாக விலகியிருந்தார்கள். 480pஇல் பார்த்தவர்கள் பெரும்பாலும் தொடர்ந்தார்கள். என் போனிலேயே 240p வைத்து அந்த அட்டவணையைத் திறந்து பார்த்தேன். லிட்டருக்கு எத்தனை மில்லி என்பது வெறும் சாம்பல் கறையாகத் தெரிந்தது.

வரவேற்புரையை வெட்டிவிட்டோம். அட்டவணையை நான்கு திரைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு, குரலிலும் இரண்டு முறை சொல்ல வைத்தோம். பெரியவரிடம் புதிய வீடியோவைக் காட்டியபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டு எண்ணை வாய்விட்டுப் படித்தார்.