பார்கோடு ஸ்கேன் செய்து சர்க்கரை அளவு பார்க்க எந்தச் செயலி?

அப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் மூன்று வகைச் செயலிகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று, சாப்பிட்ட கலோரியைக் குறித்துவைக்கும் செயலி. இன்னொன்று, பொருளுக்கு மதிப்பெண் போடும் செயலி. மூன்றாவது, உணவுப் பொருட்களின் லேபிள் விவரங்களைத் திரட்டிவைக்கும் ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ்; 2012-ல் பிரான்சில் தொடங்கியது. கடைசியில் போனில் தங்கியது மூன்றாவதுதான்.

ஸ்கேன் செய்யும் வேகத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. பார்கோடில் இருப்பது வெறும் எண்தான். சர்க்கரை அளவு அதில் இல்லை. அந்த எண்ணை வைத்துச் செயலி தன் தரவுத்தளத்தில் தேடுகிறது. அங்கே யாரோ பதிந்தது தப்பென்றால் நமக்கு வருவதும் தப்பு.

எனக்கு நடந்தது இது. கலோரிச் செயலி ஒரு பிஸ்கட்டுக்கு 100 கிராமில் 6.6 கிராம் சர்க்கரை என்று காட்டியது. நம்பி வாங்கிவிட்டேன். வீட்டில் பாக்கெட்டைத் திருப்பினால் 22 கிராம்! 6.6 என்பது 30 கிராம் கொண்ட ஒரு பரிமாறலுக்கான அளவு. பதிந்தவர் அதை 100 கிராம் கட்டத்தில் போட்டிருக்கிறார்.

இந்தத் தவறைக் கடையிலேயே பிடிக்கலாம். செயலி காட்டிய மாவுச்சத்து 20.4, கொழுப்பு 6, புரதம் 2.1; கூட்டினால் 28.5 கிராம். பிஸ்கட்டில் ஈரம் மிகக் குறைவு, அப்படியானால் மீதி 71 கிராம் எங்கே போனது? பாக்கெட்டில் இருந்த 68, 20, 7 ஆகியவற்றைக் கூட்டினால் 95 வருகிறது, அதுதான் பொருத்தம். தண்ணீரே பெரும்பங்காக இருக்கும் பானங்களுக்கும் தயிருக்கும் இந்தக் கணக்கு உதவாது.

ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸிலும் பதிபவர்கள் பொதுமக்கள்தான், அங்கும் தவறு நுழையும். ஆனால் பலரும் லேபிளின் படத்தையும் சேர்த்தே ஏற்றுகிறார்கள். எண்ணில் சந்தேகம் வந்தால் படத்தைப் பெரிதாக்கிப் படித்துவிடலாம். பக்கம் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதும் தெரியும். நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம். தேதி ஏன் முக்கியம் என்றால், நிறுவனம் செய்முறையை மாற்றிய பிறகும் பழைய பார்கோடே தொடரலாம். மூன்று வருடம் பழைய படம் என்றால் கையிலிருக்கும் பாக்கெட்டைத்தான் நம்புகிறேன். தவறு கண்டால் நானே படமெடுத்துத் திருத்திவிடுகிறேன்.

மதிப்பெண் செயலியைச் சில வாரங்கள்தான் பயன்படுத்தினேன். பார்க்க எளிது, அம்மாவுக்கும் பிடித்தது. இந்த வகையில் பிரபலமான யூகா தொடக்கத்தில் ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் தரவையே பயன்படுத்தி, 2018-ல் சொந்தத் தரவுத்தளத்துக்கு மாறியது. சேர்க்கைப் பொருட்களைப் பற்றிய விளக்கம் வேண்டுவோருக்கு இவ்வகைச் செயலி போதும். எனக்குத் தேவை சர்க்கரையின் கிராம் கணக்கு. அது எந்த லேபிளிலிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும்.