கேலக்சோலைடா, ஹபனோலைடா? வெள்ளைக் கஸ்தூரியில் நான் எடுத்த பக்கம்

துவைத்துக் காய்ந்த துணியை மடிக்கும்போது வரும் அந்த மெல்லிய, சற்றே இனிப்பான வாசனைதான் இன்றைய பல சென்ட்களுக்கும் அடித்தளம். வெள்ளைக் கஸ்தூரி என்பார்கள். மானிலிருந்து எடுப்பது அல்ல, எல்லாம் ஆய்வகத்தில் செய்தவை. வீட்டில் சென்ட் கலக்கும் பழக்கம் உள்ளதால் கேலக்சோலைடு, ஹபனோலைடு என்ற இரண்டு வகைகளை வாங்கிப் பார்த்தேன். தோலில் பூச ஹபனோலைடுதான் என் தேர்வு.

கேலக்சோலைடை 1960களில் ஐஎஃப்எஃப் என்ற வாசனைப்பொருள் நிறுவனத்தார் உருவாக்கினார்கள். சலவைத்தூளுக்கு வாசனைப் பொருள் மலிவாக இருக்க வேண்டும், காரத்தில் கெடக்கூடாது, அலசும் தண்ணீரோடு போய்விடவும் கூடாது. கேலக்சோலைடு ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மில்லிகிராம்கூடக் கரையாது. அதனால் தண்ணீரை விட்டுத் துணி இழையில் போய் ஒட்டிக்கொள்கிறது. வீடு வீடாகத் துணிகளில் இந்த வாசனை தங்க, மூக்குக்கு அதுவே சுத்தத்தின் அடையாளம் ஆனது. சென்ட் செய்பவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். 1990இல் வந்த லாங்கோமின் டிரேசோர் சென்டில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

விலையில் கேலக்சோலைடுக்கே வெற்றி, அதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் துணியை விடாத அதே பிடிவாதம் சாக்கடைக்குப் போன பிறகும் தொடர்கிறது. ஆற்று நீரிலும் மீனிலும் தாய்ப்பாலிலும்கூட இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய வளையங்களால் ஆன மூலக்கூறு என்பதால் நுண்ணுயிரிகளுக்கு இதை உடைப்பது கடினம். ஹபனோலைடு ஒரே பெரிய வளையம், அதில் ஓர் எஸ்டர் பிணைப்பு இருக்கிறது. நுண்ணுயிரிகள் அங்கே வெட்டத் தொடங்கிவிடும். கழுத்தில் பூசும் சென்ட் சலவையைத் தாங்க வேண்டியதில்லையே, அப்படியிருக்க அந்தப் பிடிவாதம் எனக்கு எதற்கு?

வாசனையிலும் ஹபனோலைடுதான் எனக்குப் பிடித்தது. இனிப்பு குறைவு, சூடான இஸ்திரிப் பெட்டி பட்ட துணி போல லேசான உலோக நெடி. தோலில் அது உடம்பின் சொந்த வாசனை போலவே படிகிறது. கேலக்சோலைடு பழ இனிப்போடு கொஞ்சம் கனமாக நிற்கும். நான் முகர்ந்தது என் தோலிலும் வீட்டாரின் தோலிலும் மட்டுமே, உங்கள் தோலில் வேறாக இருக்கலாம்.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். கேலக்சோலைடு தேனைவிடக் கெட்டியானது, அதனால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி கரைப்பானில் கலந்தே விற்கிறார்கள். 1 கிராம் ஹபனோலைடுக்கு எதிராக அந்தக் கரைசலில் 2 கிராம் எடுத்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

அப்புறம், சிலருக்குக் குறிப்பிட்ட ஒரு கஸ்தூரி மட்டும் மணக்கவே மணக்காது. காகிதப் பட்டையில் தொட்டு வீட்டில் நாலு பேரிடம் கொடுங்கள். ஒருவர் “ஒன்றுமே இல்லையே” என்றால் அளவைக் கூட்டாதீர்கள், மற்றவர்களுக்குத் தலைவலி வரும். ஹபனோலைடோடு எத்திலீன் பிராசிலேட் என்ற இன்னொரு கஸ்தூரியையும் கொஞ்சம் சேருங்கள். அதுவும் எளிதில் சிதையும் பெரிய வளையம்தான், விலையும் குறைவு.