gp2, gp3, io2, லோக்கல் என்விஎம்இ: பிஸியான டேட்டாபேஸுக்கு எந்த டிஸ்க்?

டேட்டாபேஸ் ஸ்லோன்னு கம்ப்ளெயின்ட் வந்தா உடனே ஐஓபிஎஸ்ஸ ஏத்துறாங்க, பாதி நேரம் அது தண்டச்செலவு. ஐஓபிஎஸ்னா செகண்டுக்கு எத்தன ரீட்/ரைட், த்ரூபுட்னா செகண்டுக்கு எத்தன எம்பி, லேட்டன்சின்னா ஒரே ஒரு ரிக்வெஸ்ட் முடிய ஆகுற நேரம். போஸ்ட்கிரெஸ்ல ஒரு பேஜ் 8 கேபி, அப்போ 3000 ஐஓபிஎஸ்ஸும் ரேண்டம் ரீடா ஓடினாலே 24 எம்பி தான் வரும், அதனால விளம்பரத்துல போடுற பெரிய எம்பி நம்பர் பேக்கப்புக்கும் ஃபுல் டேபிள் ஸ்கேனுக்கும் தான் ஆகும், சின்னச் சின்ன குவெரிக்கு இல்ல.

gp2, gp3, io2 மூணும் ஏடபிள்யூஎஸ்ல கிடைக்குற டிஸ்க் வகைகள், முதல்ல பழைய gp2 எடுத்துக்கோங்க. ஒரு ஜிபிக்கு 3 ஐஓபிஎஸ், 200 ஜிபி டிஸ்க்னா 600 தான். ஆனா ஒரு ரீட்/ரைட்டுக்கு ஒண்ணுங்கிற கணக்குல 54 லட்சம் கிரெடிட் சேர்த்து வெச்சுருக்கும், அது இருக்குற வரைக்கும் 3000 வரை போகும். முழு வேகத்துல ஓட்டினா 3000ல அந்த 600 போக செகண்டுக்கு 2400 கிரெடிட் கரையும், 2250 செகண்ட்ல, அதாவது முப்பத்தேழு நிமிஷம் சொச்சத்துல காலி. அரைமணி நேரம் லோட் டெஸ்ட் பண்ணி சூப்பர்னு விட்டுட்டு, அப்புறம் புரொடக்ஷன்ல பீக் டைம்ல படுத்துடுச்சேன்னு தேடுறது இதனால தான். மிச்சக் கிரெடிட்டக் காட்டுற `BurstBalance` கிராஃப் பூஜ்யத்துக்கு இறங்குதான்னு பாத்தா தெரிஞ்சிடும்.

gp3ல இந்தக் கூத்து இல்ல, சைஸ் எதுவா இருந்தாலும் 3000 ஐஓபிஎஸ், 125 எம்பி நிலையா வரும், ஜிபி ரேட்டும் கம்மி. புதுசா gp2 எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியல.

இப்போ io2 எப்போ வேணும்? ஒரு பேட்ச் ஜாப் பத்து லட்சம் ரோவ ஒரே கனெக்ஷன்ல ஒவ்வொண்ணா கமிட் பண்ணுதுன்னு வைங்க. ஒவ்வொரு கமிட்டும் டிஸ்க்ல எழுதி முடியுற வரைக்கும் காத்திருக்கும், அது 1 மில்லிசெகண்ட்னா டிஸ்க் காத்திருப்புக்கே 1000 செகண்ட் போச்சு. gp3ல 3000த்த 10000 ஆக்கினாலும் அதே 1000 செகண்ட் தான், ஏன்னா ஒரு நேரத்துல ஒரு ரைட் தான் போய்ட்டு இருக்கு. io2ல லேட்டன்சி குறைவு, அதுக்குத் தான் அந்த விலை. ஆனா அதுக்கு முன்னாடி ஆயிரம் ரோவுக்கு ஒரு கமிட்னு கோட மாத்திப் பாருங்க, மொத்தம் ஆயிரம் கமிட் தான் வரும், செலவே இல்லாம முடிஞ்சிடும்.

இன்ஸ்டன்ஸ் ஓடுற மெஷின்லயே இருக்குற லோக்கல் என்விஎம்இ டிஸ்க் எல்லாத்தையும் விட வேகம், ஆனா இன்ஸ்டன்ஸ ஸ்டாப் பண்ணா டேட்டா போயிடும். வேற மெஷின்ல ரெப்ளிகா இல்லாம அதுல டேட்டாபேஸ் வெக்காதீங்க.

எது மாட்டுதுன்னு பாக்க:

```
iostat -x 1
```

`r/s`, `w/s` கூட்டினா லிமிட்ட ஒட்டி நின்னு, வரிசைல நிக்குற ரிக்வெஸ்ட்டக் காட்டுற `aqu-sz` ஏறுதுன்னா ஐஓபிஎஸ் பத்தல. லிமிட்டுக்கு ரொம்ப கீழயே இருந்தும் ஜாப் மெதுவா போகுதுன்னா ஒரு ரைட் முடிய ஆகுற நேரத்தக் காட்டுற `w_await`ட பாருங்க, சிக்கல் லேட்டன்சியா இருக்கலாம். `%util` 100 காட்டுதேன்னு பயப்படாதீங்க, எஸ்எஸ்டி ஒரே நேரத்துல பல வேலை செய்யும், அந்த நம்பர வெச்சு டிஸ்க் இதுக்கு மேல தாங்காதுன்னு சொல்ல முடியாது.