மின்னஞ்சல் சங்கிலியில் தாமதமாகச் சேரும் மேலாளருக்கு எந்தச் சுருக்கம்: தேதிவாரியா, முடிவிலிருந்து தொடங்குவதா?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனம் 8,000 டி-ஷர்ட்டுகளுக்கான ஆர்டருக்குத் துணியை வெட்டும் தறுவாயில் இருக்கிறது என்று கொள்வோம். துவைத்துப் பார்த்த துணி 7% சுருங்குகிறது. ஆர்டர் கொடுத்த பையர் அனுமதித்தது 5%. துணியை முன்கூட்டியே சுருங்க வைக்கும் காம்பாக்டிங்கை மீண்டும் செய்தால் தூத்துக்குடியில் கப்பல் தவறிவிடும். மெர்ச்சண்டைசர், சாய ஆலை, தரப்பிரிவு, பையர் ஆகியோருக்கிடையே நாற்பது மின்னஞ்சல்கள் போய்வந்து, விமானச் சரக்குக் கட்டணத்தை யார் ஏற்பது என்ற இடத்தில் பேச்சு நின்றபோதுதான் பொது மேலாளர் அதில் சேர்க்கப்படுகிறார்.

மொத்தச் சங்கிலியையும் அப்படியே அனுப்பிவிடுவது எளிது. ஆனால் யாரேனும் பழைய மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியிருந்தால், அந்தக் கிளை கடைசி மின்னஞ்சலில் இருக்காது. பதில்களில் இணைப்புக் கோப்புகளும் பெரும்பாலும் உடன் வருவதில்லை என்பதால், சோதனை அறிக்கையே விடுபட்டுப்போகலாம்.

தேதிவாரிச் சுருக்கம் யார் எப்போது என்ன சொன்னார் என்பதைத் தெளிவாகக் காட்டும். பொறுப்பு யாருடையது என்பதே வழக்காகும்போது அதற்கு ஈடில்லை. ஆனால் என்றோ தீர்ந்துபோன காலர் நிறப் பிரச்சினையும் இன்று எரிகிற கட்டணப் பிரச்சினையும் அதில் ஒரே அளவு இடம் பிடிக்கின்றன. முதல் சோதனையில் 6% என்றும் மறுசோதனையில் 7% என்றும் வந்திருந்தால், அவசரமாகப் படிப்பவர் மனத்தில் முதலில் கண்ட எண்ணே தங்கிவிடும் அபாயமும் உண்டு.

முடிவிலிருந்து தொடங்கும் சுருக்கத்தின் முதல் வரிகள் இப்படி இருக்கும்: "வெள்ளிக்கிழமை மாலைக்குள் தங்கள் முடிவு தேவை. ஒன்று, விமானத்தில் அனுப்பிக் கட்டணத்தைப் பாதி பாதியாக ஏற்பது. மற்றொன்று, அடுத்த கப்பல் வரை பையரிடம் அவகாசம் கேட்பது. சாய ஆலை தன் பங்கை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை." இதைப் படித்தவுடனேயே மேலாளர் செயல்படலாம் என்பதால், இத்தகைய சூழலில் நான் இதையே தேர்வேன்.

ஆயினும் எழுதுபவரின் சார்பு மிக எளிதாக நுழைவது இதில்தான். சோதனை முடிவைத் தெரிவித்தபோது பையர் "நோட்டட்" என்று மட்டும் பதில் அனுப்பியிருக்க, சுருக்கத்தில் அது "பையர் ஒப்புக்கொண்டார்" என்று மாறிவிட்டால், அதை நம்பிப் பேசும் மேலாளர் முதல் அழைப்பிலேயே மறுக்கப்படுவார். ஆகவே சம்மதம், மறுப்பு, வாக்குறுதி ஆகிய மூன்றையும் பொருளுரைக்காமல், அவரவர் எழுதிய சொற்களிலேயே தேதியுடன் தர வேண்டும். அத்தகைய மூன்று நான்கு வரிகளை மட்டும் தேதிவாரி முறையிலிருந்து எடுத்து முடிவின் கீழே சேர்த்தால் போதும். சாய ஆலையிடம் இழப்பீடு கோரும் நிலை வந்தால், முழுத் தேதிப்பட்டியலைத் தனிக் கோப்பாக இணைக்கலாம்.

எந்த முறையில் எழுதினாலும் சுருக்கத்தை அதே சங்கிலியில் பதிலாக அனுப்பாமல், மேலாளருக்கு மட்டும் புதிய மின்னஞ்சலாக அனுப்ப வேண்டும். பழைய சங்கிலியின் பெறுநர் வரிசையில் பையரும் இருக்கிறார். எவ்வளவு கட்டணம் வரை நாம் இறங்கி வருவோம் என்பது அவர் கண்ணில் படக்கூடாது.