பாட்டு கேட்கும், பேச்சு போகாது: ஒரு வயர் ஹெட்செட்டோடு இரண்டரை வருடம்

450 ரூபாய்க்கு வாங்கிய சாதாரண வயர் ஹெட்செட் இது. பாட்டுக்காக வாங்கவில்லை. இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரத்தில்தான் திருநெல்வேலியில் இருக்கும் அக்காவோடு பேசுவேன். இரண்டு கையும் சோப்பு நுரையில் இருக்கும்போது ஃபோனைப் பிடிக்க முடியாது. ஃபோன் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும், வயர் தோளில் தொங்கும், வேலை நடக்கும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பேஸ் கொஞ்சம் தூக்கல். காதில் வைக்கும் ரப்பர் ஒன்று பஸ்ஸில் தொலைந்தது, பழைய செட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டேன். சொல்ல வேண்டியதெல்லாம் மைக்கைப் பற்றித்தான். இந்த இரண்டரை வருடத்தில் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு காரணத்தால், காது வேலை செய்து வாய் வேலை செய்யாமல் போனது.

முதல் தடவை எட்டாவது மாதம். "என்னடா, கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. எனக்கு அவள் குரல் கணீரென்று கேட்கிறது. மறுநாள் செல்ஃபோன் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி காதில் ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டு, "மைக் போயிருச்சுண்ணே, புதுசு வாங்கிக்கோங்க" என்றார். வாங்கியிருப்பேன். ஆனால் அன்று இரவு அக்கா சொன்ன இன்னொரு விஷயம் என்னை நிறுத்தியது. "நீ பேசுறத விட உங்க ஃபிரிட்ஜ் உறுமுறதுதான் நல்லா கேக்குது" என்றாள்.

என் கழுத்தருகே தொங்கும் மைக்குக்கு ஃபிரிட்ஜ் அவ்வளவு சத்தமாகக் கேட்க வழியில்லை. ஃபிரிட்ஜ் மேல் படுத்திருக்கும் ஃபோனுக்குக் கேட்கும். அதாவது, ஹெட்செட் மைக் கெட்டுப்போய் மௌனமாக இருக்கவில்லை. ஃபோன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தன் அடியில் இருக்கும் சொந்த மைக்கைத் திறந்துவைத்துக்கொண்டு, காதுக்கு மட்டும் சத்தத்தை வயர் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது.

ஏன் என்று புரிய, ஃபோனில் செருகும் அந்த வயர் முனைப் பின்னை ஒரு தடவை கூர்ந்து பார்க்க வேண்டும். 3.5 மில்லிமீட்டர் பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள் இருந்தால் உலோகம் நான்கு துண்டாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். நுனி இடது காதுக்கு, அடுத்த வளையம் வலது காதுக்கு. மூன்றாவது வளையம் எர்த், காதுகளுக்கும் மைக்குக்கும் பொது. பிடியை ஒட்டி இருக்கும் கடைசித் துண்டுதான் மைக். கோடு இரண்டே இருந்தால் மைக்குக்கு இடமே இல்லை. அது வெறும் ஹெட்ஃபோன், அதில் பேச்சை எதிர்பார்க்க முடியாது.

பின்னைச் செருகியதும் ஃபோன் ஒரு சின்னப் பரிசோதனை செய்கிறது. மைக் துண்டுக்கு இரண்டு வோல்ட் அளவில் ஒரு மெல்லிய மின்னழுத்தம் கொடுக்கும். மைக்குக்குள் இருக்கும் குட்டி டிரான்சிஸ்டர் அதை வைத்துத்தான் ஓடுகிறது, காதுக் குமிழ்களுக்கு அப்படி எதுவும் தேவையில்லை. அந்த மைக் துண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே ஆயிரம் ஓமுக்கு மேல் தடை தெரிந்தால், சரி, மைக் உள்ள ஹெட்செட் வந்திருக்கிறது என்று ஃபோன் முடிவு செய்யும். செருகும்போதே அந்த இரண்டும் நேரடியாக ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தால், இது மூன்று துண்டுப் பின், மைக் இல்லை என்று முடிவு செய்து சொந்த மைக்குக்குப் போய்விடும். சில ஃபோன்களில் இந்த முடிவு மேலே உள்ள குட்டிப் படத்திலேயே தெரியும். மைக் இருந்தால் ஹெட்செட் படத்தில் வாய்ப்பக்கம் ஒரு சின்னக் கொம்பு நீட்டியிருக்கும். என் ஃபோனில் அன்று கொம்பு இல்லை.

அப்புறம் ஒரு பரிசோதனை செய்தேன். இப்போதுவரை இதை நம்பித்தான் இருக்கிறேன். பாட்டை ஓடவிட்டு, வயரில் உள்ள பட்டனை அமுக்கினேன். பாட்டு நிற்கவில்லை. இந்த வகைச் செட்டில் பட்டனுக்கென்று தனி வயர் கிடையாது. மைக் போகும் அதே இரண்டு கம்பியைத்தான் அது ஒன்றோடொன்று தொடவைக்கிறது, ஃபோன் அதைக் கவனித்துப் பாட்டை நிறுத்துகிறது. பட்டன் வேலை செய்து பேச்சு மட்டும் போகவில்லை என்றால் வழி திறந்திருக்கிறது, கோளாறு மைக் வில்லையிலோ அதன் துளையிலோ இருக்கும். பட்டனும் சேர்ந்து செத்திருந்தால் மைக்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. வழியில் எங்கோ அடைப்பு.

வீட்டு டிராயரில் கிடந்த ஒரு பழைய செட்டைச் செருகிப் பார்த்தேன், அது வேறு கூத்து. வாத்தியங்கள் எங்கோ குகையில் ஒலிக்க, பாடுகிறவர் குரலே காணாமல் போயிருந்தது. பட்டனை அமுக்கிப் பிடித்தால் குரல் திரும்பி வந்தது, விட்டால் போனது. அது கோளாறே இல்லை. சில பழைய செட்டுகளில் மைக்கும் எர்த்தும் இடம் மாறி இருக்கும். ஓஎம்டிபி என்று அந்த முறைக்குப் பெயர், இன்றைய ஃபோன்களில் இருப்பது சிடிஐஏ. மாற்றிச் செருகினால் காதுகளுக்கு எர்த் சரியாகக் கிடைக்காது. இடது வலதுக்கு உள்ள வித்தியாசம் மட்டும் ஒலிக்கும், இரண்டிலும் சமமாகப் பதிந்த குரல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பட்டன் அந்த இரண்டு துண்டையும் இணைப்பதால்தான் அமுக்கும்போது சரியாகிறது. அந்தச் செட்டைத் திரும்ப டிராயரிலேயே போட்டேன்.

இனி சந்தேகம் ஃபோன் ஓட்டை மேல். டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. ஃபோனை அணைத்துவிட்டு, ஒரு மரப் பல்குத்தியின் நுனியை பிளேடால் இன்னும் மெலிதாகச் சீவி, மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி எடுத்தேன். பேன்ட் பாக்கெட் பஞ்சு, ஒவ்வொரு தடவை பின்னைச் செருகும்போதும் இடிபட்டு, கம்பளித் துணிபோல வட்டமான ஒரு வில்லையாகி வந்தது. ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும். (ஊசியால் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே பக்கவாட்டில் மெல்லிய வில் தகடுகள்தான் தொடுப்பு, வளைந்தால் கதை முடிந்தது.) பின் 'டக்' என்று உட்கார்ந்தது, கொம்பு வந்தது, பட்டன் பாட்டை நிறுத்தியது.

ஒரு மில்லிமீட்டர் பஞ்சு ஏன் காதை விட்டுவிட்டு வாயை மட்டும் அடைக்கிறது? பின் முழுசாக உள்ளே போகாதபோது ஃபோனுக்குள் இருக்கும் ஒவ்வொரு தொடுப்பும் பின்னில் தனக்குரிய இடத்தைவிடச் சற்று நுனிப் பக்கமாகத் தொடும். நுனி நீளமானது, அதன் தொடுப்பு தப்பிப் பிழைக்கும். மைக் தொடுப்பு இருப்பது வாசலோரம். அது மைக் துண்டை விட்டு, கறுப்புக் கோட்டின் மேலோ எர்த் வளையத்தின் மேலோ போய் உட்காரும். எர்த் மேல் உட்கார்ந்தால் மைக்கும் எர்த்தும் ஒட்டிய கணக்கு, ஃபோன் பார்வையில் மூன்று துண்டுப் பின்.

இரண்டாவது தடவை பதினைந்தாம் மாதம். அதே அறிகுறி, அதே ஃபிரிட்ஜ் உறுமல். பல்குத்தியை எடுத்தேன், பஞ்சு இல்லை. அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு ஞாபகம் வந்தது: முந்தின வாரம்தான் தடிமனான புதுப் பேக் கவர் போட்டிருந்தேன். கவரின் ஓட்டை சின்னது, என் பின்னின் பிடி கொழுத்தது. பிடி கவரில் முட்டி நின்றுகொண்டிருந்தது. கவரைக் கழற்றினேன், பேச்சு வந்தது. ஓட்டையைக் கத்தியால் சுற்றிச் செதுக்கினேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது, வேலை செய்கிறது.

மூன்றாவது தடவைதான் உண்மையில் ஹெட்செட்டின் கோளாறு. அது சொல்லிவிட்டு வந்தது. இரண்டு வருடம் ஆன சமயத்தில் பாட்டு தானாக நிற்க ஆரம்பித்தது. பஸ்ஸில் போகும்போது யாரும் கூப்பிடாமலே வாய்ஸ் அசிஸ்டென்ட் எழுந்து "சொல்லுங்கள்" என்றது. ஃபோன் பேய் பிடித்ததோ என்று பார்த்தால், பின்னின் கழுத்தில் வயர் வளையும் இடத்தில் மைக் கம்பி தேய்ந்து அவ்வப்போது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஃபோனுக்கு அது பட்டன் அமுக்கியதாகவே தெரியும், நீண்ட நேரம் தொட்டால் நீண்ட அமுக்கல். மூன்று வாரத்தில் பேச்சு நின்றது. இந்தத் தடவை அக்காவுக்கு ஃபிரிட்ஜும் கேட்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கம்பி அறுந்தது, ஃபோன் ஹெட்செட் மைக்கையே நம்பி இருந்தது. "ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கியா" என்று அவள், "இருக்கேன் இருக்கேன்" என்று நான்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு முனையை மைக் துண்டிலும் மற்றதை எர்த் வளையத்திலும் பிடித்தேன். பின்னின் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தால் ஆயிரத்து ஐந்நூறுக்கு அருகில் காட்டியது. நேராக்கினால் OL, அதாவது தொடர்பே இல்லை. சாய்த்தபடி பட்டனை அமுக்கினால் பூஜ்யத்துக்கு அருகே இறங்கியது. மைக், பட்டன் இரண்டும் நன்றாக இருக்கின்றன, கழுத்தில்தான் அறுபட்டிருக்கிறது. நான்கு துண்டுப் புதுப் பின் ஒன்று 30 ரூபாய்க்கு வாங்கிச் சாலிடர் வைத்தேன். கம்பிகள் மேல் நிறச்சாயம் பூசியிருக்கும், அதைச் சுட்டு எரிக்காமல் ஈயம் பிடிக்காது. நிறத்தை நம்ப வேண்டாம், செட்டுக்குச் செட்டு மாறும். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துத்தான் ஒட்டினேன். அது இன்றுவரை ஓடுகிறது.

போன மாதம் ஃபோன் மாற்றினேன், அதில் 3.5 ஓட்டையே இல்லை. டைப்-சி அடாப்டர் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் பாட்டைப் போட்டு, "நல்லா கேக்குதுல்லண்ணே?" என்றார். கேட்டது. பட்டனை அமுக்கினேன், பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. காதுக்கு மட்டும் வயரிங் செய்த அடாப்டர் அது. "வேற காட்டுங்க தம்பி" என்றேன். மூன்றாவதாகக் காட்டியதில் பட்டன் பாட்டை நிறுத்தியது. அவர் விசித்திரமாகப் பார்த்தார், நான் காசைக் கொடுத்துவிட்டு அங்கிருந்தே அக்காவுக்குப் ஃபோன் போட்டேன்.